அம்மாவைப் பார்த்துக்கொள்ள மூன்று மாதம் சம்பளமில்லா விடுப்பு: டர்பனில் எப்படிக் கேட்பது

கேள்வி: சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். பிராஸ்பெக்டனில் ஒரு கிடங்குக் கம்பெனியில் ஆறு வருஷமாகப் பேரோல் பார்க்கிறேன். மாதம் 21,000 ராண்ட் சம்பளம், வாரம் ஐந்து நாள் வேலை. அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து மறுவாழ்வுப் பிரிவில் இருக்கிறார், ஏப்ரல் 2026 நடுவில் வீட்டுக்கு அனுப்புவார்கள். ஜோஹன்னஸ்பர்கில் இருக்கும் அக்கா ஜூலையில்தான் வர முடியும். அதுவரை மூன்று மாதம் விடுப்பு வேண்டும். வருடாந்தர விடுப்பு 12 நாள் மிச்சம் இருக்கிறது. அம்மா என் மெடிக்கல் எய்டில் இருக்கிறார். என் பங்கு 3,600 ராண்ட், மீதிப் பாதியைக் கம்பெனி கட்டுகிறது. குடும்பப் பொறுப்பு விடுப்பு கிடைக்காதா? எப்படிக் கேட்பது?

பதில்: குடும்பப் பொறுப்பு விடுப்பு உங்களுக்கு இப்போது உதவாது. அடிப்படை வேலை நிபந்தனைகள் சட்டத்தின் (1997) 27-ஆம் பிரிவு தருவது வருஷத்துக்கு மூன்று நாள்தான். அதுவும் பிள்ளைக்கு உடம்பு சரியில்லாதபோதும், துணைவர், பெற்றோர், தாத்தா பாட்டி, பிள்ளை, பேரப்பிள்ளை, உடன்பிறந்தவர் இவர்களில் ஒருவர் இறந்தால் மட்டும். பெற்றோரின் நோய் அந்தப் பட்டியலில் இல்லை. பலரும் இதைக் கவனிக்காமல் விண்ணப்பம் போட்டு, ஹெச்.ஆர். திருப்பி அனுப்பிய பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள். சில கம்பெனிகள் இரக்கப்பட்டு அந்த மூன்று நாளை நோய்க்கே கொடுத்துவிடும். வேண்டாம் என்று சொல்லுங்கள். பக்கவாதம் வந்த தாய் வீட்டில் இருக்கும்போது அந்த மூன்று நாள் கையிருப்பில் இருக்கவேண்டும். காரணத்தைச் சொல்லத் தேவையில்லை. கருமாதிவரை பதினாறு நாள் துக்கம் காக்கும் நம் வீடுகளுக்கு மூன்று நாள் எந்த மூலைக்கு என்பது வேறு கதை.

சம்பளமில்லா விடுப்பைப் பொறுத்தவரை, கேட்டால் கொடுத்தே ஆகவேண்டும் என்று இந்த நாட்டுச் சட்டம் சொல்லவில்லை. அது முழுக்க முழுக்க உங்களுக்கும் கம்பெனிக்கும் இடையிலான ஒப்பந்தம். வேலையின்மைக் காப்பு நிதியான யு.ஐ.எஃப். பணமும் இதற்கு வராது; அதன் நோய்க்கால உதவி ஊழியரின் சொந்த நோய்க்குத்தான். ஆகவே உரிமை பேசி வாங்கும் விஷயமாக இதை நினைக்காதீர்கள். மேனேஜர் மேசையில் வைக்கும் தாளில் அவருடைய கவலைகளுக்கு விடை இருக்கவேண்டும். சம்பள நாள் தவறாது, வரித்துறையான சார்ஸின் கெடு தவறாது, செலவு கூடாது, நீங்கள் திரும்பி வருவீர்கள் என்ற நான்கும் தெரிந்தால் கையெழுத்துப் போடுவார்.

முதலில் தேதிகளை முடிவு செய்யுங்கள். "சுமார் மூன்று மாதம்" என்று எழுதாதீர்கள். திங்கள் 13 ஏப்ரல் முதல் வெள்ளி 10 ஜூலை வரை, திங்கள் 13 ஜூலை வேலைக்குத் திரும்புதல் என்று எழுதுங்கள். இது சரியாக 13 வாரம், 65 வார நாட்கள். நடுவில் மூன்று பொது விடுமுறை வருகிறது: ஏப்ரல் 27 (திங்கள்), மே 1 (வெள்ளி), ஜூன் 16 (செவ்வாய்).

இனி அந்த 12 நாள் வருடாந்தர விடுப்பு. எல்லோரும் செய்வது அதை முதலிலேயே தீர்த்துவிட்டு, பிறகு சம்பளமில்லாமல் போவது. உங்கள் நிலைமையில் அது தவறான வரிசை. ஏப்ரல் 1 முதல் 10 வரை நீங்கள் வேலை செய்கிறீர்கள், அந்த மாதத்துக்குப் பேஸ்லிப் வந்துவிடும். ஜூலையிலும் 13-ஆம் தேதியிலிருந்து சம்பளம் ஓடும். வெறுமையாக நிற்பவை மே, ஜூன் இரண்டும்தான். பேஸ்லிப்பில் பணமே இல்லாத மாதத்தில் மெடிக்கல் எய்டைப் பிடிக்க வழியில்லை. இதைப் பேரோல் பார்க்கும் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதனால் 12 நாளையும் இரண்டாகப் பிரித்து நடுவில் வையுங்கள். சட்டத்தின் 20(6) பிரிவு இதற்கு இடம் தருகிறது: சம்பளமில்லா விடுப்புக் காலத்துக்குள் வருடாந்தர விடுப்பு எடுக்க ஊழியர் எழுத்தில் கேட்டால் முதலாளி அனுமதிக்கவேண்டும். எந்த நாட்கள் என்பதைப் பேசி முடிவு செய்யவேண்டும், ஆனால் கேட்கும்போது நாட்களைக் குறித்தே கேளுங்கள்.

ஆறு நாளை ஏப்ரல் 30-இலும் மே 4 முதல் 8 வரையிலும் வையுங்கள். மே 1 நடுவில் விழுகிறது. வருடாந்தர விடுப்புக்குள் பொது விடுமுறை வந்தால் அந்த நாள் விடுப்புக் கணக்கில் கழியாது, சம்பளமும் உண்டு. மற்ற ஆறு நாளை ஜூன் 15, 17, 18, 19, 22, 23 என்று வையுங்கள்; ஜூன் 16 உள்ளே வந்துவிடும். ஏப்ரல் 27 மட்டும் சம்பளமில்லாமல் போகும், போகட்டும்.

கணக்கு இப்படி வரும். சட்டப்படி மாதச் சம்பளம் என்பது வாரச் சம்பளத்தின் நாலேமூன்றில் ஒரு பங்கு மடங்கு, அதாவது 21,000-ஐ 4.333-ஆல் வகுத்தால் வாரத்துக்கு 4,846, நாளுக்கு 969 ராண்ட். மே மாதத்தில் சம்பளத்தோடு ஆறு நாள் (மே 1-ம், அடுத்த ஐந்து நாளும்): 5,815 ராண்ட். யு.ஐ.எஃப். ஒரு சதவீதமும் மெடிக்கல் எய்ட் 3,600-ம் போனால் கையில் இரண்டாயிரத்துச் சொச்சம். ஜூனில் ஏழு நாள்: 6,785, பிடித்தம் போக மூவாயிரத்துச் சொச்சம். பிராவிடன்ட் ஃபண்டுக்கும் பிடித்தால் இன்னும் குறையும். வீட்டுக் கடனோ கார்த் தவணையோ இருந்தால் இந்தத் தொகையை வைத்து இப்போதே வங்கியிடம் பேசுங்கள். இரண்டு மாதம் தவறிய பிறகு போனால் பேச்சு வேறு மாதிரி இருக்கும். செப்டம்பர் 2024-க்குப் பிறகு ஃபண்டின் சேமிப்புப் பகுதியிலிருந்து வரி ஆண்டுக்கு ஒரு முறை, குறைந்தது 2,000 ராண்ட் எடுக்கலாம். ஆனால் எடுக்கும் தொகை அந்த ஆண்டு வருமானத்தோடு சேர்ந்து வரி கட்டும், அதனால் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

மெடிக்கல் எய்டுக்கு நான் இவ்வளவு இடம் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. "மூன்று மாதம் நிறுத்தி வைத்துவிட்டு ஜூலையில் சேர்த்துக்கொள்ளலாம், பணம் மிச்சம்" என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். மெடிக்கல் ஸ்கீம்ஸ் சட்டப்படி காப்பு இல்லாத இடைவெளி 90 நாளோ அதற்கு மேலோ ஆனால், மறுபடி சேரும்போது ஸ்கீம் மூன்று மாதப் பொதுக் காத்திருப்பும், ஏற்கெனவே இருக்கும் நோய்க்குப் பன்னிரண்டு மாத விலக்கும் போடலாம். 13 வாரம் என்பது 91 நாள். பக்கவாதம் வந்த அம்மா அந்த விலக்குக்குள் மாட்டிக்கொண்டால் பிசியோதெரபியிலிருந்து அடுத்த அட்மிஷன் வரைக்கும் உங்கள் கையிலிருந்துதான். முப்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்குத் தாமதச் சேர்க்கை அபராதம் என்று ஆயுள் முழுக்கத் தவணையைக் கூட்டும் ஒன்றும் இருக்கிறது.

ஆனால் இதில் நீங்கள் மட்டும் முடிவு செய்ய முடியாத ஒரு பகுதி உண்டு. கம்பெனி கட்டும் பாதி விடுப்புக் காலத்திலும் தொடருமா? பல கம்பெனிகளின் விதியில் "சம்பளமில்லா மாதத்தில் உதவித்தொகை இல்லை" என்று ஒரு வரி இருக்கும். அப்படியானால் மாதம் 7,200 ராண்ட் உங்கள் தலையில், மே மாதப் பேஸ்லிப் அதைத் தாங்காது. இங்கேதான் நாட்களைப் பிரித்து வைத்தது உதவுகிறது: மேயிலும் ஜூனிலும் சம்பளம் ஓடுகிறது, ஆகவே அவை முழுக்கச் சம்பளமில்லா மாதங்கள் அல்ல என்று வாதாட இடமிருக்கிறது. கடிதத்திலேயே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். அதே மூச்சில் ஃபண்டின் ஆயுள் காப்பும் ஊனக் காப்பும் விடுப்பில் தொடருமா, பிரிமியம் யார் கட்டுவது என்று ஃபண்டு நிர்வாகியிடம் கேளுங்கள். தற்காலிகமாக வேலையில் இல்லாதவர் பற்றி ஒவ்வொரு ஃபண்டின் விதியிலும் ஒரு பத்தி இருக்கும். கம்பெனியில் யாரும் அதைப் படித்திருக்கமாட்டார்கள்.

அடுத்தது உங்கள் வேலையை யார் பார்ப்பது. விண்ணப்பம் நிற்பதும் விழுவதும் இதில்தான். பேரோலை மூன்று மாதம் ஒத்திவைக்க முடியாது என்பது உங்கள் மேனேஜருக்கும் தெரியும். அவர் முகத்தில் முதலில் தெரியும் பயம் சம்பள நாள். அவர் மறந்திருக்கும் பயம் EMP501. பிப்ரவரியில் முடிந்த வரி ஆண்டின் கணக்கொப்பும் ஊழியர்களின் IRP5 சான்றிதழ்களும் ஏப்ரல், மே மாதங்களில்தான் சார்ஸுக்குப் போகவேண்டும், மே 31 கெடு. சரியாக உங்கள் விடுப்பின் நடுவில் விழுகிறது. நீங்களாகவே இதை எடுத்துச் சொல்லி, தீர்வையும் சேர்த்து வையுங்கள். ஏப்ரல் 10-க்குள் பன்னிரண்டு மாதத்து வரி அறிக்கைகளான EMP201-களையும் பேரோல் மொத்தத்தோடு ஒப்பிட்டு, வித்தியாசங்களைத் திருத்தி, வரி எண் இல்லாத ஊழியர்கள், தவறான அடையாள எண்கள் எல்லாவற்றையும் சரிசெய்து வைத்துவிடுங்கள். மிச்சம் இருப்பது அனுப்புவது மட்டும் என்ற நிலைக்கு அதைக் கொண்டுவந்தால் உங்கள் இடத்தில் இருப்பவர் சமாளிப்பார். மே 31 ஞாயிறு. 29 வெள்ளியைக் கெடுவாக எழுதுங்கள்.

யாரை வைப்பது? வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்து நேராகப் பேரோலில் உட்காரவைப்பது எனக்குப் பிடிக்காத வழி. எல்லார் சம்பளமும், வங்கி எண்ணும், கடனுக்காகச் சம்பளத்தில் பிடிக்கும் கார்னிஷி உத்தரவு யாருக்கு ஓடுகிறது என்பதும் முதல் நாளிலேயே புது ஆள் கண்ணில் படும். தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியாவின்படி அதற்குப் பொறுப்பு கம்பெனிதான். அதைவிட, சப்ளையர் கணக்குப் பார்க்கும் ஒருவரைப் பேரோலுக்கு நகர்த்தி, அவர் இடத்துக்குத் தற்காலிக ஆளை எடுப்பது நல்லது. சப்ளையர் ஸ்டேட்மென்ட் ஒப்பிடும் வேலைக்கு டர்பனில் ஆள் கிடைப்பது சுலபம். தவறினாலும் சப்ளையர் போனில் கத்துவார், அவ்வளவுதான். சம்பளம் தவறினால் கிடங்கில் வேலை நிற்கும். நகர்த்தப்படுபவர் தொகையை ஏற்றுவதோடு நிறுத்திக்கொள்ளவேண்டும். வங்கியில் பணத்தை விடுவிப்பது நிதி மேனேஜராகவே இருக்கட்டும். சப்ளையர் பட்டியலும் பேரோலும் தெரிந்த ஒரே ஆளிடம் இரண்டு சாவியும் இருக்கக்கூடாது.

செலவுக் கணக்கையும் நீங்களே போட்டுக் கொடுங்கள். 65 நாளில் 14 நாள் சம்பளத்தோடு, 51 நாள் சம்பளமில்லாமல்: கம்பெனிக்கு மிச்சம் 49,400 ராண்ட். தற்காலிக ஆளை ஏப்ரல் 7 முதல் ஜூலை 17 வரை மாதம் 11,500-க்கு நேராக எடுத்தால் சுமார் 39,300. பேரோல் பார்க்கும் சக ஊழியருக்கு மாதம் 3,000 பதிலாள் படி, மூன்று மாதத்துக்கு 9,000. மொத்தம் 48,300. ஏஜென்சி வழியாக எடுத்தால் அவர்கள் கமிஷன் சேர்ந்து இது தாண்டிவிடும், அதையும் மறைக்காமல் எழுதுங்கள். படி கொடுக்காமல் சக ஊழியர் தலையில் சும்மா கட்டுவதை ஒத்துக்கொள்ளாதீர்கள். ஜூனில் அவர் எரிச்சல்பட்டு விலகினால் உங்களைத்தான் திரும்ப அழைப்பார்கள்.

தற்காலிக ஆளின் ஒப்பந்தம் மூன்று மாதத்தைத் தாண்டுகிறது. குறைந்த சம்பளக்காரர்களை மூன்று மாதத்துக்கு மேல் தவணை ஒப்பந்தத்தில் வைத்தால் தகுந்த காரணம் இருக்கவேண்டும் என்று தொழிலுறவுச் சட்டத்தின் 198B பிரிவு சொல்கிறது. தற்காலிகமாக வேலையில் இல்லாதவருக்குப் பதிலாக எடுப்பது ஏற்கப்பட்ட காரணங்களில் ஒன்று, ஆனால் அது ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கவேண்டும். எழுதாமல் விட்டால் அவர் நிரந்தர ஊழியராகக் கருதப்படலாம். இது கம்பெனியின் வேலை என்று விட்டுவிடாதீர்கள். ஜூலையில் உங்கள் நாற்காலிக்கு இரண்டு பேர் நிற்கும் நிலை இப்படித்தான் வருகிறது.

கைமாற்றத்துக்கு ஒரு மாதம் வேண்டும். மார்ச் 9 திங்களன்று விண்ணப்பம் கொடுத்தால் ஐந்து வாரம் கிடைக்கிறது. மார்ச் 25 சம்பள ஓட்டத்தை நீங்கள் செய்ய, பேரோலுக்கு நகரும் சக ஊழியர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். ஏப்ரல் 7 EMP201-ஐ அவர் செய்ய, நீங்கள் பார்க்கவும். ஈஸ்டர் வார இறுதிக்கு மறுநாளே அந்த 7 வருவதால் மார்ச் மாத எண்களை ஏப்ரல் 2 வியாழனுக்குள் முடித்துவிடுங்கள். பிறகு ஏப்ரல் 24 (25 சனிக்கிழமை என்பதால்), மே 25, ஜூன் 25 மூன்று ஓட்டங்களும் அவர் தனியாக. சார்ஸ் தேதிகள் மே 7, ஜூன் 5, ஜூலை 7. ஜூன் 7 ஞாயிறு, அதனால் முந்திய வெள்ளிக்குள் பணம் போய்ச் சேரவேண்டும். இதைப் புதியவர்கள் திங்கட்கிழமை என்று எடுத்துக்கொண்டு பத்து சதவீத அபராதம் வாங்குவார்கள். தேதிகளை விரலால் காட்டிச் சொல்லிவிட்டுப் போகாமல் ஒரு தாளில் எழுதி அவர் திரைக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள்.

கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டுப் போகும் பழக்கம் நம் அலுவலகங்களில் இருக்கிறது. அது பேரோலில் இரண்டு விதத்தில் கடிக்கும். உங்கள் பெயரில் நடந்த ஒவ்வொரு மாற்றத்துக்கும் நீங்கள்தான் பதில் சொல்லவேண்டும், அந்த நேரத்தில் மருத்துவமனையில் இருந்தாலும். அதைவிட அன்றாடத் தொல்லை ஓ.டி.பி. சார்ஸின் eFiling தளமும் வங்கியும் உங்கள் கைபேசிக்கு எண் அனுப்பும். நீங்கள் அம்மாவை ஆர்.கே. கான் மருத்துவமனைக்குக் கூட்டிப்போய்ப் போனை அணைத்து வைத்திருப்பீர்கள். மாலை நாலு மணிக்கு அங்கே நிதி மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்பார். eFiling-இல் சக ஊழியருக்குத் தனிப் பயனர், பேரோல் மென்பொருளில் தனி லாகின், வங்கியில் தொகை ஏற்றும் உரிமை மட்டும் என்று மூன்றையும் மார்ச் மாதத்திலேயே தொடங்குங்கள். வங்கியில் கையெழுத்து, தீர்மானம் என்று இழுக்கும்.

விடுப்பில் உங்களை அழைப்பதற்கும் வரம்பு வையுங்கள். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அரைமணி நேரம், அதற்கு மேல் அவசரமானால் வாட்ஸ்அப் செய்தி, அன்று மாலைக்குள் பதில். வரம்பு இல்லையென்றால் மே மாதத்திலேயே தினமும் இரண்டு மணிநேரம் சம்பளமில்லாமல் வேலை செய்துகொண்டிருப்பீர்கள். அந்த அளவுக்குப் போனால் அது வேலை, அதற்குச் சம்பளம் வேண்டும் என்று சொல்லத் தயங்காதீர்கள்.

கடிதம் ஆங்கிலத்தில்தான் போகும். உள்ளே இருக்கவேண்டியது இவ்வளவு:

"என் தாயாருக்குப் பக்கவாதம் ஏற்பட்டு, மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியதும் முழுநேரப் பராமரிப்பு தேவைப்படுகிறது, மருத்துவரின் கடிதம் இணைப்பில். 13 ஏப்ரல் 2026 முதல் 10 ஜூலை 2026 வரை விடுப்புக் கோருகிறேன். இதில் 12 நாள் வருடாந்தர விடுப்பாக (ஏப்ரல் 30, மே 4–8, ஜூன் 15, 17–19, 22, 23), மீதி சம்பளமில்லா விடுப்பாக. ஜூலை முதல் என் சகோதரி பராமரிப்பை ஏற்கிறார். 13 ஜூலை திங்களன்று என் பழைய பதவியிலும் சம்பளத்திலும் பணிக்குத் திரும்புவேன். பணிப் பொறுப்பு மாற்றுத் திட்டமும் செலவுக் கணக்கும் இணைப்பில். விடுப்புக் காலத்தில் மெடிக்கல் எய்ட் உதவித்தொகை, ஃபண்டின் காப்பு, சேவைத் தொடர்ச்சி ஆகியவை எவ்வாறு கையாளப்படும் என்பதை எழுத்தில் உறுதிசெய்யக் கேட்டுக்கொள்கிறேன். 12 ஜூன் அன்று என் திரும்பும் தேதியை மறுபடி உறுதிசெய்வேன். 20 மார்ச்சுக்குள் பதில் கிடைத்தால் ஏற்பாடுகளைத் தொடங்க வசதியாக இருக்கும்."

மருத்துவரின் கடிதத்தில் "இத்தனை வாரம் முழுநேரப் பராமரிப்பாளர் தேவை" என்ற ஒரு வரி போதும். ஸ்கேன் அறிக்கையையோ மருந்துப் பட்டியலையோ இணைக்காதீர்கள். அது அம்மாவின் தனிப்பட்ட தகவல், ஹெச்.ஆர். கோப்பில் இருக்க வேண்டியதில்லை. கடிதத்தைக் கொடுப்பதற்கு முன் மேனேஜரிடம் வாய்விட்டுப் பேசிவிடுங்கள், ஆனால் அவர் "போய்ட்டு வாம்மா, பாத்துக்கலாம்" என்று சொன்னதை அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அன்று மாலையே "இன்று பேசியபடி" என்று ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். நல்ல மேனேஜர் மே மாதத்தில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டால், கோப்பில் கையெழுத்து இல்லாத விடுப்பு அனுமதியில்லா வராமை ஆகிவிடும்.

சேவைத் தொடர்ச்சி என்ற சொல் கடிதத்தில் சும்மா இல்லை. "இப்போது ராஜினாமா செய், ஜூலையில் திரும்ப எடுத்துக்கொள்கிறோம்" என்று நல்லெண்ணத்தோடே சொல்லும் முதலாளிகள் உண்டு. ஆறு வருஷச் சேவை அங்கேயே முடிந்துவிடும். நாளைக்கு ஆட்குறைப்பு வந்தால் இழப்பீடு சேவை வருஷங்களை வைத்துத்தான் கணக்கிடப்படும். தானாக விலகியவருக்குப் பொதுவாக யு.ஐ.எஃப். வேலையின்மை உதவியும் கிடையாது. இன்னொன்று: சம்பளமில்லா நாட்களுக்குப் புது வருடாந்தர விடுப்பு சேருமா என்பதையும் பேசி எழுதிக்கொள்ளுங்கள். 17 நாளுக்கு ஒரு நாள் என்ற கணக்கில் ஓடும் கம்பெனியில், வேலை செய்த அல்லது சம்பளம் பெற்ற நாட்கள்தான் எண்ணப்படும். டிசம்பரில் மூன்று நாள் குறைவாக இருப்பதைப் பார்த்து அப்போது சண்டை போடுவதில் பயனில்லை.

மறுத்தால்? விடுப்பு மறுப்பு மட்டும் வேலைநீக்கம் ஆகாது, அதை வைத்துத் தொழில் தகராறு ஆணையமான சி.சி.எம்.ஏ.வுக்கு நேராகப் போக முடியாது. மறுத்த பிறகும் போகாமல் வீட்டில் இருந்துவிடுவது எல்லாவற்றிலும் மோசம். விசாரணைக்கு அழைப்பார்கள், அது உங்களுக்கு எதிராக முடிய வாய்ப்பு அதிகம். மறுப்புக்குக் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் காரணம் EMP501-ஆகத்தான் இருக்கும். அப்படியானால் மே கடைசி இரண்டு வாரம் மட்டும் காலை எட்டிலிருந்து ஒரு மணிவரை வருகிறேன், அந்த நேரத்துக்குச் சம்பளம் கொடுங்கள் என்று மாற்றுச் சொல்லலாம். அந்த அரை நாட்களுக்குப் பக்கத்து வீட்டு ஆயாவையோ கூலிக்கு ஒரு பராமரிப்பாளரையோ வைத்துச் சமாளிக்கலாம். ஆறு வாரம் முழு விடுப்பு, ஏழு வாரம் அரை நாள் என்று இரண்டாக உடைப்பதும் பல இடங்களில் ஒப்புக்கொள்ளப்படும். வேறொருவருக்கு இதே மாதிரிக் கொடுத்துவிட்டு உங்களுக்கு மட்டும் மறுத்திருந்தால் நிலைமை வேறு. அது நியாயமற்ற தொழில் நடைமுறையாக எழுப்பத் தகும் விஷயம், 90 நாளுக்குள் போகவேண்டும். அதற்கு முன் தொழிற்சங்கத்தையோ தொழில் வழக்கறிஞரையோ பார்த்துவிடுங்கள்.

திரும்பும் திட்டத்தில் முக்கியமான தேதி ஜூலை 13 அல்ல, ஜூன் 12. அது உங்கள் விடுப்பு முடிய நான்கு வாரத்துக்கு முந்திய வெள்ளி. ஒரு வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர் கொடுக்கவேண்டிய முன்னறிவிப்பும் நான்கு வாரம்தான். அக்கா வருவது உறுதியா, அம்மா எழுந்து நடக்கிறாரா, இரவில் யார் பார்ப்பார்கள் என்பதெல்லாம் அன்றைக்குத் தெரிந்திருக்கவேண்டும். உறுதியானால் தேதியை எழுதி அனுப்புங்கள். அக்கா ஆகஸ்டுக்குத் தள்ளிப்போட்டால் நீட்டிப்பு ஒரே ஒரு முறை, அதுவும் நான்கு வாரத்துக்கு மேல் இல்லாமல், அன்றே கேளுங்கள். தற்காலிக ஆளின் ஒப்பந்தத்தை நீட்டக் கம்பெனிக்கு நேரம் இருக்கும். ஜூலை 8-ஆம் தேதி போன் செய்து "இன்னும் கொஞ்ச நாள்" என்று கேட்பவர்களுக்குத்தான் பெரும்பாலும் மறுப்பு வருகிறது. திரும்பவே முடியாது என்று தெரிந்தால், அதே ஜூன் 12-இல் முறையாக முன்னறிவிப்புக் கொடுத்து நல்ல பெயரோடு வெளியேற வழியிருக்கிறது. அம்மா விடுப்புக் காலத்திலேயே இறந்துவிட்டால் நீங்கள் ஒதுக்கி வைத்த மூன்று நாளைச் சம்பளத்தோடு எடுக்க முடியுமா, விடுப்பை முன்கூட்டியே முடித்துத் திரும்பலாமா என்பதையும் அனுமதிக் கடிதத்தில் ஒரு வரியாகச் சேர்க்கச் சொல்லுங்கள்.

ஜூலை 13 முதல் 17 வரை சக ஊழியரும் தற்காலிக ஆளும் இருக்க, மூன்று மாதத்து மாற்றங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள்: புதிதாகச் சேர்ந்தவர்கள், விலகியவர்கள், மாறிய வங்கி எண்கள். மாறிய வங்கி எண் ஒவ்வொன்றுக்கும் ஊழியரின் கையெழுத்து இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். ஆள் மாறியிருக்கும் நேரம் பார்த்துத்தான் போலி மின்னஞ்சல் அனுப்பி எண்ணை மாற்றச் சொல்வார்கள். ஜூலை 17-ஆம் தேதி மாலை சக ஊழியரின் பேரோல் லாகினையும் eFiling உரிமையையும் நீக்கச் சொல்லுங்கள். 24-ஆம் தேதி ஓடும் சம்பளம் உங்கள் கையால். அதில் உங்கள் சொந்தப் பேஸ்லிப்பையும் ஒரு முறை பாருங்கள்: மெடிக்கல் எய்ட் உதவித்தொகை திரும்ப ஏறியிருக்கிறதா, ஃபண்டுக்கு முழுப் பங்கு போகிறதா, ஜூலை 13-க்கு முந்திய எட்டு வேலை நாட்கள் மட்டும்தான் கழிக்கப்பட்டிருக்கின்றனவா என்று.